பத்தொன்பது மில்லி

"நிறுத்தாதே. இன்னும் விடு."

கலைமதி ப்யூரெட் என்ற அளவுக் குழாயின் திருகைத் தளர்த்தினாள். ஒரு சொட்டு விழுந்தது. குடுவையில் இருந்த நீர் பீட்ரூட் சிவப்பாகவே இருந்தது. அளவு ஐந்து மில்லியைத் தாண்டிவிட்டது. பின்னால் நின்றவரின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"அஞ்சுலயே நீலமா மாறியிருக்கணும்," என்றார் அவர்.

அவள் திருகை மூடவில்லை. பத்து. பதினைந்து. பதினெட்டில் சிவப்புக்குள் ஊதா தெரிந்தது. அதன் பிறகு சொட்டுச் சொட்டாக விட்டாள். பத்தொன்பதில் நீலம்.

"பத்தொன்பது, சார்."

"இந்தத் தண்ணி உலகத்துலயே கிடையாது," என்றார் கோதண்டராமன்.

அவர் அன்று காலைதான் மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து காரில் வந்திருந்தார். ஆலோசகர். ஐம்பத்தெட்டு வயது. சட்டைப் பையில் மூன்று பேனா. ஒரு மொட்டைக் கடிதம்தான் அவரை இங்கே வரவழைத்தது. பிள்ளைப்பாக்கம் கம்பி ஆலையில் சுண்ணாம்பு மூட்டைகள் குழிக்குப் போகாமல் வெளியே போகின்றன, குழி ஆபரேட்டரும் லேப் பெண்ணும் ஒரே வீடு, விசாரிக்கவும். கையெழுத்து இல்லை. பாதி எழுத்து பெரிதாகவும் பாதி சிறிதாகவும் இருந்தது.

ஒரே வீடு என்பது உண்மை. குழி ஆபரேட்டர் டில்லிபாபு கலைமதியின் அண்ணன்.

ஆலையில் இரும்புக் கம்பியைக் கந்தக அமிலத்தில் முக்கித் துரு எடுப்பார்கள். கழுவிய நீர் பின்பக்கக் குழிக்கு வரும். டில்லிபாபு அதில் சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்குவான். அமிலம் முறியும். சுண்ணாம்பில் உள்ள கால்சியமும் அமிலத்தில் உள்ள சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகி அடியில் வெள்ளையாகப் படியும். மேலே தெளிந்தது வாய்க்கால் வழியாக ஏரிப் பக்கம் போகும். ஒரு நாளைக்கு ஒரு குழி. சனிக்கிழமை தோறும் கலைமதி அந்தத் தெளிந்த நீரில் சல்பேட் எவ்வளவு என்று பார்த்து எழுதி அனுப்புவாள். நான்கு வருடமாக அனுப்புகிறாள். லிட்டருக்கு 1,820 மில்லிகிராம். 1,790. 1,835. யாரும் கேட்டதில்லை.

கோதண்டராமன் கேட்டார். மேனேஜர் பலராமனின் அறையில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"ஜிப்சம் தண்ணியில கரையறதுக்கு ஒரு எல்லை உண்டு. கால்சியத்தையும் சல்பேட்டையும் பெருக்கினா இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு புஸ்தகத்துல ஒரு எண் போட்டிருக்கு. அதுக்கு வர்க்கமூலம் எடுங்க. சல்பேட் நானூத்தி எழுபதுதான் வரணும். இவங்க ஆயிரத்து எண்ணூறுன்னு எழுதறாங்க. அப்படின்னா கால்சியம் போதலை. அதாவது சுண்ணாம்பு போடலை."

"சுண்ணாம்பு போடலைன்னா தண்ணி புளிப்பால்ல இருக்கும்?" என்றார் பலராமன். "பிஎச் எட்டு காட்டுதே சார்."

"குழி பக்கத்து ஷெட்டுலயே காஸ்டிக் சோடா அடுக்கி வச்சிருக்கீங்க. ரெண்டு பக்கெட் ஊத்தினா பிஎச் வந்துடும். சல்பேட் அப்படியே நிக்கும்."

பலராமன் கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே கலைமதி நின்றிருந்தாள். காஸ்டிக் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. துத்தநாக முலாம் பூசும் பிரிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுவார்கள். அந்த நீரைக் காஸ்டிக் போட்டு முறித்தால் உப்புத் தண்ணீராகும். அதையும் இதே குழிக்குத்தான் விடுவார்கள். பலராமன் அதைச் சொல்லவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டார்.

"கால்சியம் பாத்துக் காட்டறேன் சார்," என்றாள் அவள். "காஸ்டிக் ஊத்தியிருந்தா கால்சியம் கம்மியா இருக்கணும். சோடியம்தானே இருக்கும்."

அப்படித்தான் கோதண்டராமன் லேபுக்கு வந்தார். பத்தொன்பது மில்லி வந்தது. லிட்டருக்கு 760 மில்லிகிராம் கால்சியம்.

ஆனால் கால்சியம் அதிகமாக இருந்தது அவளைக் காப்பாற்றவில்லை. அவர் கணக்குப்படி ஐந்து மில்லிக்கு மேல் கால்சியம் இவ்வளவு சல்பேட்டோடு சேர்ந்து இருக்கவே முடியாது. இருந்தால் ஜிப்சமாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எனவே இரண்டு எண்ணில் ஒன்று பொய்.

"எது பொய்யின்னு நீ சொல்றியா, நான் கண்டுபிடிக்கட்டுமா?" என்றார்.

மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் எல்லோரும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். லாட்ஜில் தங்கியவனின் பெயரை டீக்கடைக்காரன் கேட்டான். பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் பையைப் பார்த்தார். ஆலை வாசலில் வாட்ச்மேன் சுப்பன் டிபன் பாக்ஸைத் திறந்து சோற்றுக்குள் ஒரு ஸ்பூனை விட்டுப் பார்த்தான். தினமும் அதே சோறு, தினமும் அதே ஸ்பூன்.

கலைமதிக்கு இருபத்தாறு வயது. காஞ்சிபுரத்தில் வேதியியல் படித்தாள். பாய்லர் அறைக்குப் பின்னால் இருந்த லேப் அவளுடையது. ஒரு தராசு, ஒரு உலை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அமில வாடை. மூடினால் வெக்கை. யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். யாரையும் அதிகம் நம்பவும் மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு அதிகாரி வந்து போன வாரத்துத் தண்ணீரைக் காட்டு என்று கேட்டார். தண்ணீர் இல்லை. அவள் எழுதிய எண்தான் இருந்தது. அவர் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் குழியின் வெளிவாயில் ஒரு பாட்டில் பிடித்து வைப்பாள். தேதி எழுதிய சீட்டைச் சோற்றுப் பசையால் ஒட்டுவாள். பதினான்கு வேலை நாள் அலமாரியில் நிற்கும். பதினைந்தாம் நாள் பழையதைக் கழுவிப் புதியதைப் பிடிப்பாள். ஆலையில் அவளுக்குப் பாட்டில் பொண்ணு என்று பெயர்.

"பாட்டில் பொண்ணே, எனுக்கும் ஒரு பாட்டில் குடேன்," என்று கம்பி இழுக்கும் ஆட்கள் கேட்பார்கள்.

"அமிலம்தான் கீது. ஊத்தவா?" என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

அன்று மத்தியானம் பலராமனின் அறையில் டீ வந்தது. அவளையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். கோதண்டராமன் பிஸ்கட்டை நனைத்தபடி தன் பழைய வேலையைப் பற்றிப் பேசினார். பன்னிரண்டு வருடம் ஓர் அமோனியா பிளாண்டில் இருந்தவர்.

"புதுசா வர்ற பசங்க சமநிலைக் கணக்கு போட்டுண்டு வருவாங்க. நைட்ரஜன், ஹைட்ரஜன், நானூத்தம்பது டிகிரி, முந்நூறு அட்மாஸ்பியர். சார், முப்பத்தோரு பர்சென்ட் அமோனியாதான் வரும், அதுக்கு மேல வராதும்பாங்க. நிஜத்துல முப்பத்தஞ்சு வரைக்கும் போகலாம். ஏன் பலராமன்?"

பலராமன் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கேஜ் காட்டற அழுத்தத்தை அப்படியே போட்டுட்டாங்க. அந்த அழுத்தத்துல காஸெல்லாம் ஒண்ணை ஒண்ணு இழுத்துண்டு, தள்ளிண்டு நெருக்கமா இருக்கு. தனியா இருக்கற மாதிரி நடந்துக்காது. அமோனியா இருக்கறதை விடக் கம்மியா இருக்கற மாதிரி நடந்துக்கும். அதனால இன்னும் கொஞ்சம் உருவாக இடம் இருக்கு. அழுத்தத்தைத் திருத்திப் போடணும். அதுக்குப் பேர் ஃபுகாசிட்டி. சமநிலை எண்ணுக்குள்ள போறது அதுதான். கேஜ் இல்லை."

கலைமதி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார், தண்ணியில கரைஞ்சதுக்கும் அதே மாதிரி ஒண்ணு கீது இல்ல? ஆக்டிவிட்டின்னு."

"இருக்கு. அதெல்லாம் செறிவான கரைசலுக்கு. இது கழிவுத் தண்ணி."

"லிட்டருக்கு ரெண்டரை கிராம் கால்சியம் சல்பேட் கரைஞ்சிருக்குது சார். அது கூட அஞ்சு கிராம் சாப்பாட்டு உப்பு. முலாம் பிரிவுத் தண்ணி வருது இல்ல, அதுலேர்ந்து. நான் குளோரைடு பாத்திருக்கேன்."

"அஞ்சு கிராம் உப்பு என்ன பண்ணும்? அதுல கால்சியமும் இல்லை, சல்பேட்டும் இல்லை."

"இல்ல சார். ஆனா சார்ஜ் கீது."

அவர் பிஸ்கட்டை மறந்தார். பாதி உடைந்து டீயில் விழுந்தது.

அவள் நின்றபடியே சொன்னாள். வாய்ப்பாடாகச் சொல்லத் தெரிந்ததை அவளுக்குப் புரிந்த மாதிரி சொன்னாள். காலையில் ஒண்ணாம் ஷிப்ட் பஸ்ஸில் அறுபது பேர் இருக்கிறார்கள். கண்டக்டர் எண்ணினால் அறுபது. ஆனால் பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் நினைத்த நேரத்தில் இறங்க முடிவது கதவுப் பக்கம் நிற்கிற இருபது பேருக்குத்தான். மற்றவர்களைச் சுற்றி ஆள். கால்சியத்துக்கு இரட்டை மின்னூட்டம். அதைச் சுற்றி எதிர் மின்னூட்டம் உள்ளதெல்லாம் கூடிக்கொள்ளும். சல்பேட்டுக்கும் அப்படியே. சில கால்சியமும் சல்பேட்டும் ஜோடியாகிக் கரைசலுக்குள்ளேயே சுற்றும். ப்யூரெட் எல்லாவற்றையும் எண்ணும். ஜிப்சமாகக் கீழே இறங்குவது எண்ணிக்கையைப் பார்த்து நடப்பதில்லை. இறங்கத் தயாராக இருப்பதைப் பார்த்து நடப்பது.

"புஸ்தகத்துல கீற எண்ணு ஆக்டிவிட்டிக்குப் போட்டது சார். நீங்க அடர்த்தியைப் போட்டுட்டீங்க. கேஜைப் போட்ட மாதிரி."

பலராமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோதண்டராமன் தம்ளருக்குள் விழுந்த பிஸ்கட்டைப் பார்த்தார்.

"நல்லாப் பேசற," என்றார். "நல்லாப் பேசறவங்க மேலதான் எனக்குச் சந்தேகம் வரும். செஞ்சு காட்டு."

"காட்டறேன் சார். சுத்தமான ஜிப்சத்தை வெறும் வாலை வடிநீர்ல போட்டுக் குலுக்கி வச்சிடலாம். குழியும் இல்ல, எங்கண்ணனும் இல்ல. அஞ்சு மில்லியில நிக்குதா பாருங்க."

"உன் ஜிப்சம் வேண்டாம். நான் எடுத்துண்டு வரேன். தண்ணியும்."

மறுநாள் அவர் மெட்ராஸிலிருந்து சீல் உடைக்காத ஒரு புட்டியும் ஒரு ஜாடி வடிநீரும் கொண்டுவந்தார். எடை பார்த்தது அவர். குடுவைகளைக் கழுவியதும் அவர். இரண்டு குடுவை. இரண்டிலும் கரையக்கூடியதைவிட அதிகமாக ஜிப்சம் போட்டார். ஒன்றில் வடிநீர் மட்டும். இன்னொன்றில் லிட்டருக்கு ஐந்து கிராம் உப்பு. நாள் முழுதும் அரை மணிக்கு ஒரு தடவை அவரே குலுக்கினார். கலைமதியைக் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். சாயந்திரம் மூடிமேல் காகிதம் சுற்றி, அரக்கு வைத்து, கையெழுத்துப் போட்டு, சுப்பனின் கூண்டில் பூட்டினார்.

சுப்பன் அவளிடம் கேட்டான். "இன்னாம்மா அது? குண்டா?"

"சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒண்ணுணா."

"அதுக்கா பூட்டு?" என்றவன் கூண்டைத் திரும்பிப் பார்த்தான். அன்று இரவு முழுதும் வெளியேதான் உட்கார்ந்திருந்தானாம்.

டில்லிபாபு சைக்கிளில் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனான். முப்பத்தொரு வயது. அவனுக்குக் கைவிரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்திருக்கும். ஏரிக்கரை திரும்பியதும் கேட்டான்.

"இன்னா மதி, வேலை போய்டுமா எனுக்கு?"

"நாளைக்குத் தெரியும்ணா."

"நான் ஒரு மூட்டை கூட விக்கல."

"தெரியும்."

"நீ நம்புறியா?"

அவள் கேரியரில் உட்கார்ந்தபடி அவன் முதுகைப் பார்த்தாள். "நம்பாமயா இவ்ளோ பேசிட்டு வந்தேன்?"

வீடு வெள்ளையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்காகப் போன வாரம் டில்லிபாபு நாலு சுவருக்கும் வெள்ளை அடித்திருந்தான். அம்மா செங்கமலம் எரவாணத்துக் கரியையெல்லாம் துடைத்து வைத்திருந்தாள். பத்து வருடத்தில் அந்தச் சுவர் இவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

புதன்கிழமை காலை கோதண்டராமன் அரக்கைத் தடவிப் பார்த்து உடைத்தார். இரண்டையும் வடிகட்டினார். கலைமதியைத் தள்ளி நிற்கச் சொல்லி, தன் கையாலேயே ப்யூரெட்டைத் திருகினார்.

வெறும் வடிநீரில் போட்ட ஜிப்சம். ஐந்து மில்லி போனது. சிவப்பு. பத்து போனது. சிவப்பு. பதினைந்தைத் தாண்டி இரண்டு கோட்டில் நீலம். 15.2.

உப்பு போட்டது. 19.3.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப ஒருமுறை செய்தார். அதே.

பிறகு காகிதத்தை எடுத்தார். வடிநீர்க் கணக்கை மட்டும் போட்டார். 15.2 மில்லி என்றால் கால்சியத்தின் எண்ணிக்கை 0.0152. அதில் மூன்றில் ஒரு பங்கு ஜோடியாகச் சுற்றுவதைக் கழித்தால் 0.0104. மீதி உள்ளது சுமார் பாதியாகத்தான் நடந்துகொள்ளும், 0.48. பெருக்கினார். 0.0050.

"பாரு," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நான் கேட்ட அஞ்சு மில்லி இங்கதான் இருக்கு."

ஐந்து அங்கேதான் இருந்தது. பதினைந்துக்குள் ஐந்தாக. அதன் வர்க்கம்தான் புத்தகத்து எண். உப்பு கூடக்கூட ஒவ்வொரு கால்சியமும் இன்னும் குறைவாக நடந்துகொள்ளும். அதே ஐந்தைத் தர இன்னும் அதிகம் கரைய வேண்டும். அதனால் பத்தொன்பது.

"காஸ்னா திருத்திப் போடுவேன். தண்ணின்னா விட்டுட்டேன்," என்றார். "பன்னெண்டு வருஷம் பசங்களைத் திட்டினேன்."

கலைமதி குடுவைகளை எடுத்துக் கழுவப் போட்டாள். சிரிக்கவில்லை.

"அப்ப டில்லிபாபு..." என்று ஆரம்பித்தார் பலராமன்.

"இருங்க. இந்தத் தண்ணி இருக்க முடியும்னு மட்டும்தான் இவ காட்டியிருக்கா. தினம் இப்படித்தான் இருந்துதுன்னு காட்டலை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சல்பேட்டெல்லாம் சுண்ணாம்போட சேர்ந்து வந்ததுன்னா, கால்சியமும் சல்பேட்டும் எண்ணிக்கையில சமமா இருக்கணும். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. நடுவுல காஸ்டிக் ஊத்தியிருந்தா சல்பேட் மேல போகும், கால்சியம் கீழ போகும். சரிதானே?"

"சரி சார்."

"அலமாரியில எத்தனை பாட்டில் இருக்கு?"

"பதினாலு."

"எல்லாத்தையும் பாத்து எழுதிக் குடு. சனிக்கிழமை வர்றேன். நீயே செய். நான் பாட்டிலை மட்டும் எண்ணிட்டுப் போறேன்."

எண்ணினார். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கலைமதி லேபை விட்டு நகரவில்லை. பேரியம் குளோரைடு விட்டாள். பால் மாதிரி திரிந்தது. வடிகட்டி, உலையில் சுட்டு, ஆறவைத்து, எடை போட்டாள். இரண்டையும் ஒரே எண்ணிக்கைக்கு மாற்றி எழுதினாள். சல்பேட் 18.9, கால்சியம் 19.0. அடுத்தது 18.7, 18.8. அடுத்தது 19.1, 19.0. ஒவ்வொரு ஜோடியும் சமமாக வர வர அவள் தோள் தளர்ந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறு ஜோடி சமமாக இருந்தது. ஏழாவதை எடுத்தாள். போன வாரத்து இருபத்தெட்டாம் தேதி, புதன்.

கால்சியம் 10.6.

வேறு குடுவையில் திரும்பச் செய்தாள். 10.6.

சல்பேட்டுக்கு உலை ஆறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் மற்ற ஏழையும் முடித்தாள். எல்லாம் சமம். கடைசியில் சல்பேட் இருந்த மூசைக் கிண்ணத்தை எடை போட்டாள். 40.6. கால்சியத்தைப் போல நாலு மடங்கு. லிட்டருக்கு 3,900 மில்லிகிராம் சல்பேட்.

வித்தியாசம் முப்பது. இருபதாயிரம் லிட்டர் குழி. மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். காஸ்டிக்காகச் சொன்னால் ஒரு மூட்டை, கிட்டத்தட்ட ஐம்பது கிலோ. அதே வேலையைச் செய்ய வேண்டிய சுண்ணாம்பும் ஒரு மூட்டை.

இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை அண்ணன் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. கேரியரில் சாமான் இருக்குது, பஸ்ஸுல போ என்றான். வியாழக்கிழமை காலை அவள் எழுந்தபோது தெருப்பக்கச் சுவர் ஈரமாக, வெள்ளையாக இருந்தது.

ஷிப்ட் முடியும் மணி அடித்தபின் டில்லிபாபு லேப் கதவில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அவன் உள்ளே வந்ததே இல்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எல்லாம் ஒண்ணாத்தான கீது?"

"பதிமூணு ஒண்ணா கீது."

அவன் அலமாரியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு மூட்டைதான் மதி. விக்கல. யாருக்கும் குடுக்கல."

"சுவத்துல கீது."

"கடைத்தெருவுக்குப் போய் வாங்கிக்கலாம்னுதான் நெனச்சேன். மழை வர மாதிரி இருந்துச்சு. பையன் வூட்டுக்காரங்க ஸ்டேட் பேங்க்ல வேலை செய்யறவங்க, சுவரு கரியா இருந்தா இன்னா நெனப்பாங்க. ஒரு நாள் காஸ்டிக் போட்டா இன்னா ஆய்டும்னு..." நிறுத்தினான். "உனுக்காகத்தான் செஞ்சேன்."

"தெரியும்ணா."

"அந்த ஒரு பாட்டில் கை தவறி வுழுந்துதுன்னு சொல்லிடு. இன்னா, ஆயிரம் பாட்டில் ஒடையுது."

"அவரு எண்ணிட்டுப் போயிருக்காரு. சீட்டுல கோடு போட்டுட்டுப் போயிருக்காரு."

"அப்ப நம்பரை மாத்து. பத்தொம்பதுன்னு எழுதிடு. தண்ணிய யாரு திரும்பக் கலக்கப் போறாங்க?"

"அவரு கலக்குவாரு. மூணு நாளா பாத்தேன். எதையாவது ஒண்ணை எடுத்துத் திரும்பச் செய்வாரு."

"பதினாலுல அதையே எடுப்பாரா?"

அவள் பாட்டில்களை வரிசையாக நகர்த்தினாள். மூடிகளை இறுக்கினாள். பதினான்கில் ஒன்று. எடுக்காமலும் போகலாம்.

"எடுக்கலன்னாலும் அந்த ஒண்ணு பொய்யின்னு எனுக்குத் தெரியுமே. நான் எழுதினதெல்லாம் நெஜம்னு சொல்லித்தான் உன்ன இந்தத் திருட்டுப் பழிலேர்ந்து வெளிய கொண்டாந்தேன். இந்தப் பதிமூணு பாட்டிலும் இல்லன்னா, மாசம் பூரா நீ மூட்டை வித்தேன்னு ஆயிருக்கும். ஒண்ணு பொய்யானா பதிமூணும் போயிடும்ணா."

"வேலை போச்சுன்னா?"

"போகாம பாத்துக்கச் சொல்லிக் கேக்கறேன்."

"கேப்பியா?" என்றான். இரண்டு தடவை கேட்டான். பிறகு, "அந்தக் கடுதாசி யாரு போட்டான்னு தெரிஞ்சுதா?"

"தெரியல."

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் புதிது. மூன்று நாளாகக் கோதண்டராமனிடம் பார்த்த பார்வை அது.

"நானா போடுவேன்?" என்றாள்.

அவன் சைக்கிளை எடுக்கப் போனான்.

சனிக்கிழமை கோதண்டராமன் பதினோரு மணிக்கு வந்தார். அவள் கொடுத்த தாளை மேலிருந்து கீழே படித்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது. 40.6, 10.6. அதன் எதிரே அவள் எழுதியிருந்தது: அன்று சுமார் ஒரு மூட்டைச் சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் போடப்பட்டிருக்கிறது. மற்ற பதிமூன்று நாளும் சுண்ணாம்பு முழுதாகப் போடப்பட்டிருக்கிறது. கீழே கையெழுத்து.

"இதை நீ விட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்," என்றார். "மூணாவது பாட்டிலைத்தான் திரும்பச் செய்யறதா இருந்தேன்."

"சரி சார்."

"உங்க அண்ணன் தானே?"

"ஆமா சார்."

அவர் மூன்றாவது பாட்டிலைத் திரும்பச் செய்தார். சமம். பிறகு ஏழாவதையும் செய்தார். கால்சியம் 10.6. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"நீ ஏன் எழுதினேன்னு இன்னும் புரியலை," என்றார்.

அவளிடம் சொல்ல இருந்தது ஒன்றுதான். "பலராமன் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பதிமூணு நாள் ஒழுங்கா செஞ்சிருக்காரு."

டில்லிபாபுவைக் கூப்பிட்டார்கள். ஒரு மூட்டையை ஒப்புக்கொண்டான். எதற்கு என்று கேட்டபோது சொல்லவில்லை. வேலை போகவில்லை. மூன்று நாள் சஸ்பென்ஷன், பிறகு கம்பி இழுக்கும் பிரிவு. குழிக்கு வேறு ஆள். சாயந்திரம் அவன் அவளுக்காகக் காத்திருக்காமல் சைக்கிளில் போய்விட்டான். அவள் பஸ்ஸில் போனாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. பத்தரை மணிக்கு வல்லக்கோட்டைக்காரர்கள் வந்தார்கள். ஆறு பேர். டில்லிபாபு கடையிலிருந்து மிக்சரும் ஜாங்கிரியும் வாங்கிவந்தான். செங்கமலம் காபி போட்டாள். கலைமதி கொண்டுபோய்க் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அத்தை சுவரை விரலால் தொட்டுப் பார்த்து, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றாள். மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணுக்கு ஆலையில் என்ன வேலை என்று கேட்டார். டில்லிபாபு, தண்ணி டெஸ்ட் பண்ணுறா என்றான். சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போனார்கள். மத்தியானம் டில்லிபாபு கிணற்றடியில் சைக்கிளைத் துடைத்தான். கேரியரில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்ததை ஓட்டுச் சில்லால் சுரண்டினான். கலைமதி மறுநாளைக்கு வேண்டிய சீட்டுகளைக் கத்தரித்து வைத்தாள்.